பரிசு முடிவிலி, நுழைவுப் பணம் சில நூறு ரூபா: ஒரு நாணய விளையாட்டுச் சொல்லும் கணக்கு

ஒரு விளையாட்டு. நான் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறேன். தலை விழும்வரை சுண்டிக்கொண்டே இருப்பேன். தலை விழுந்ததும் விளையாட்டு முடிந்துவிடும். முதற் தடவையே தலை விழுந்தால் உங்களுக்கு 100 ரூபா தருவேன். ஒரு பூ விழுந்து அதன் பிறகு தலை விழுந்தால் 200 ரூபா. இரண்டு பூ விழுந்த பிறகு தலை என்றால் 400 ரூபா. இப்படி ஒவ்வொரு பூவுக்கும் பரிசு இரண்டு மடங்காகும். தொடர்ந்து பத்துப் பூ விழுந்தால் 102,400 ரூபா. இருபது பூ விழுந்தால் பத்துக் கோடி ரூபாவுக்கும் மேல்.

இந்த விளையாட்டில் ஒரேயொரு முறை கலந்துகொள்ள எனக்கு எவ்வளவு நுழைவுப் பணம் தருவீர்கள்? வாசிப்பதை நிறுத்தி, மனதில் ஒரு தொகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் சில நூறு ரூபாவுக்கு மேல் போகமாட்டார்கள். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த முச்சக்கரவண்டி ஓட்டுநர் ஒருவரிடம் ஆயிரம் ரூபாவுக்கு வருவீர்களா என்று கேட்டேன். "ஆயிரம் எண்டா எனக்கு அரைநாள் உழைப்பு. பாதித் தரம் நூறு ரூபாதானே திரும்பி வரும்?" என்றார். சந்தையில் மரக்கறி விற்கும் அம்மா ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருபது பூ விழுந்தா உவ்வளவு காசையும் ஆர் பிள்ளை தாறது?" என்று திருப்பிக் கேட்டார்.

இவர்கள் இருவரும் சொன்ன பதில்களுக்கு வந்து சேர ஐரோப்பாவின் கணித அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. ஏனென்றால், அன்றைய கணிதத்தின் விதிப்படி, இந்த விளையாட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது இலாபமே.

முடிவிலி எங்கிருந்து வருகிறது?

ஒரு சூதாட்டத்தின் நியாயமான விலையைக் கணிக்கப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஒரு வழி இருந்தது. கிடைக்கக்கூடிய ஒவ்வொரு பரிசையும் அது கிடைப்பதற்கான நிகழ்தகவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை எதிர்பார்ப்புப் பெறுமானம் என்பார்கள். தலை விழுந்தால் 100 ரூபா, பூ விழுந்தால் ஒன்றுமில்லை என்ற எளிய விளையாட்டின் எதிர்பார்ப்புப் பெறுமானம் 50 ரூபா. பல தடவை விளையாடினால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக அவ்வளவுதான் கிடைக்கும்.

நமது விளையாட்டுக்கும் இதையே செய்து பார்ப்போம். முதற் சுண்டலிலேயே தலை விழ இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பரிசு 100 ரூபா. பெருக்கினால் 50. ஒரு பூவுக்குப் பிறகு தலை விழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பரிசு 200. பெருக்கினால் மீண்டும் 50. அடுத்தது எட்டில் ஒரு பங்கு, பரிசு 400. அதுவும் 50. வாய்ப்பு ஒவ்வொரு படியிலும் பாதியாகிறது, பரிசு இரண்டு மடங்காகிறது. ஆகவே ஒவ்வொரு படியும் சரியாக 50 ரூபாவைச் சேர்க்கிறது. எத்தனை பூ தொடர்ந்து விழலாம் என்பதற்கு எல்லை இல்லாததால் படிகளுக்கும் முடிவில்லை. ஐம்பதுகளைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது முடிவிலி.

கணக்கில் பிழை இல்லை. அதன்படி உங்கள் வீட்டையும் காணியையும் விற்று நுழைவுப் பணமாகத் தந்தால்கூட நீங்கள் புத்திசாலி. ஆனால் அப்படிச் செய்பவரை யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். இந்த இடைவெளிக்குத்தான் சென்ட் பீற்றர்ஸ்பேர்க் முரண்புதிர் என்று பெயர். இதை முதலில் எழுப்பியவர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த நிக்கொலஸ் பேர்னூலி. 1713இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மொன்மோருக்கு எழுதிய கடிதத்தில் தாயக்கட்டையை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டார். 1728இல் ஜெனீவாவைச் சேர்ந்த காப்ரியேல் கிராமர் அதை நாணயத்துக்கு மாற்றி எளிமையாக்கினார்.

2048 ஆட்டங்கள்

பிரெஞ்சு அறிஞர் புஃபோன் இதை வாதத்தோடு விடவில்லை. ஒரு சிறுவனை நாணயத்தைச் சுண்ட வைத்து 2048 ஆட்டங்களை ஆடிப் பார்த்தார். 1777இல் வெளியான அவரது கட்டுரையில் முடிவுகள் இருக்கின்றன. அவரது விளையாட்டில் பரிசு ஒரு பிரெஞ்சு நாணயத்திலிருந்து தொடங்கியது. நமது கணக்குக்கு வசதியாக அதை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

2048 ஆட்டங்களில் 1061 ஆட்டங்கள் முதற் சுண்டலிலேயே முடிந்தன. பரிசு வெறும் 100 ரூபா. இன்னும் 494 ஆட்டங்களில் 200 ரூபா. அதாவது நான்கில் மூன்று பங்கு ஆட்டங்களில் 200 ரூபாவுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. எட்டுப் பூ தொடர்ந்து விழுந்து 25,600 ரூபா கிடைத்த ஆட்டங்கள் ஆறே ஆறு. அதற்கு மேல் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாப் பரிசையும் கூட்டி 2048ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 491 ரூபா.

முடிவிலி என்று கணக்குச் சொன்ன இடத்தில் கையில் வந்தது 491 ரூபா. காரணம், அந்த முடிவிலி முழுவதும் மிக மிக அரிதாக நடக்கும் பெரும் பரிசுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அவற்றைச் சந்திக்க மிக நீண்ட காலம் விளையாட வேண்டும். ஆட்டங்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால்தான் சராசரி வழக்கமாக இன்னொரு 50 ரூபாவால் உயரும். ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபா என்ற சராசரியை நெருங்கப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான ஆட்டங்கள் தேவைப்படும். ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் என்று, இரவும் பகலும் நித்திரை கொள்ளாமல் ஆடினாலும் இரண்டு வருடம். முச்சக்கரவண்டி ஓட்டுநர் ஒரே ஒரு முறைதான் ஆடப்போகிறார். அவர் முன்னால் இருப்பது பாதி வாய்ப்பில் வரும் அந்த நூறு ரூபா.

கொடுப்பவரின் பை

சந்தை அம்மாவின் கேள்விக்கு வருவோம். பரிசு தருபவரிடம் இருக்கும் காசுக்கு எல்லை உண்டு. என்னிடம் மொத்தமாகப் பத்து இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று பூ விழுந்தால் 819,200 ரூபா தரவேண்டும், அதுவரை சமாளிப்பேன். பதினான்காவது பூ விழுந்தால் 16 இலட்சத்துக்கும் மேல் தரவேண்டும். என்னிடம் இருப்பது பத்து இலட்சந்தான். அதற்குப் பிறகு எத்தனை பூ விழுந்தாலும் அந்தப் பத்து இலட்சத்தை மட்டுமே தரமுடியும்.

இப்போது கணக்கை மறுபடியும் போடுவோம். முதற் பதினான்கு படிகளும் தலா 50 ரூபா; மொத்தம் 700. மிச்சமுள்ள எல்லாப் படிகளும் சேர்ந்து ஏறத்தாழ 61 ரூபா. ஆகவே விளையாட்டின் எதிர்பார்ப்புப் பெறுமானம் 761 ரூபா. முடிவிலி காணாமற் போய்விட்டது.

என்னிடம் ஆயிரம் மடங்கு அதிகமாக, அதாவது நூறு கோடி ரூபா இருந்தால்? பெறுமானம் ஏறத்தாழ 1,260 ரூபாவாகிறது. எனது செல்வம் ஆயிரம் மடங்கு பெருகியும் விளையாட்டின் விலை 499 ரூபாவால் மட்டுமே கூடுகிறது. கிராமரும் தமது கடிதத்தில் இதே வழியைக் காட்டினார். ஓர் எல்லைக்கு மேற்பட்ட பரிசுகளையெல்லாம் ஒரே தொகையாகக் கொண்டால் விளையாட்டின் விலை மிகச் சிறிய ஒரு தொகையில் நின்றுவிடும் என்று அவர் கணித்துக் காட்டினார்.

பெரிய இலாபச் சராசரி ஒன்றை யாராவது காட்டும்போது இந்தக் கேள்வி உதவும். அந்தச் சராசரியில் எவ்வளவு பங்கு, ஒருபோதும் கொடுக்கப்பட முடியாத தொகைகளிலிருந்து வருகிறது?

வாங்குபவரின் பை

ஓட்டுநரின் பதில் இன்னும் ஆழமானது. ஆயிரம் ரூபா அவருக்கு அரைநாள் உழைப்பு. ஒரு பெரிய வர்த்தகருக்கு அது கணக்கிலேயே வராது. ஒரே விளையாட்டுக்கு இருவரும் ஒரே விலை கொடுக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

இதைக் கணிதமாக மாற்றியவர் நிக்கொலஸின் ஒன்றுவிட்ட சகோதரரான டானியல் பேர்னூலி. 1738இல் சென்ட் பீற்றர்ஸ்பேர்க் அறிவியற் கழகத்தின் ஏட்டில் அவரது கட்டுரை வெளியானது. அந்த நகரின் பெயர் புதிருக்கு வந்தது இதனால்தான். கட்டுரையின் தொடக்கத்திலேயே ஓர் உதாரணம் வருகிறது. மிகவும் ஏழையான ஒருவரிடம் ஒரு சீட்டுக் கிடைக்கிறது. பாதி வாய்ப்பில் அதற்கு 20,000 பொற்காசு விழும். பாதி வாய்ப்பில் ஒன்றுமே இல்லை. சராசரிப்படி அந்தச் சீட்டின் விலை 10,000. அவர் அதை 9,000க்கு விற்றால் அது முட்டாள்தனமா? இல்லை என்கிறார் டானியல். அதேவேளை, ஒரு பணக்காரர் அதை 9,000க்கு வாங்க மறுத்தால் அதுதான் விவேகமற்ற செயல். இருவரும் செய்வது வேறுவேறு. இருவர் செய்வதும் சரியாக இருக்கலாம்.

அவரது விதி இது. பணம் தரும் பயன்பாடு, ஏற்கெனவே கையில் இருப்பதைப் பொறுத்தது. ஆயிரம் ரூபா வைத்திருப்பவருக்கு இன்னோர் ஆயிரம் கிடைப்பதும், ஓர் இலட்சம் வைத்திருப்பவருக்கு இன்னோர் இலட்சம் கிடைப்பதும் ஒரே அளவு பயன். பாடசாலையில் படித்த மடக்கை இப்படித்தான் வளரும். இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் அது ஒரே அளவாற் கூடும்.

இந்த விதியை நாணய விளையாட்டில் வைத்தால் முடிவிலி மறைந்துவிடுகிறது. டானியலின் கணக்கை நமது ரூபாவுக்கு மாற்றினால், கையில் எதுவுமே இல்லாத ஒருவருக்கு இந்த விளையாட்டு வாய்ப்பு 200 ரூபா பெறும். ஆயிரம் ரூபா இருப்பவருக்கு ஏறத்தாழ 300. பத்தாயிரம் இருப்பவருக்கு 400. ஓர் இலட்சம் இருப்பவருக்கு 600. நீங்கள் தொடக்கத்தில் மனதில் நினைத்த தொகையை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"எங்கட சனத்துக்குத் துணிச்சல் இல்லை"

வன்னியில் வாழ்வாதார உதவி பற்றிய கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது ஒரு வாசகத்தை அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் அலுவலர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "திட்டம் நல்ல திட்டம். சராசரி இலாபம் இருக்கு. ஆனா எங்கட சனத்துக்குத் துணிஞ்சு இறங்கிற மனம் இல்லை." போரில் எல்லாவற்றையும் இழந்து, பூச்சியத்திலிருந்து சேர்த்தவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது. டானியலின் கணக்கை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு கற்பனைத் திட்டம். முதலீடு 40,000 ரூபா. பாதி வாய்ப்பில் 60,000 ரூபா இலாபம். பாதி வாய்ப்பில் போட்ட 40,000உம் போய்விடும். சராசரியாகப் பார்த்தால் 10,000 ரூபா இலாபம். திட்ட அறிக்கையில் இது நன்றாகவே தெரியும்.

இரண்டு முடிவுகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால் டானியலின் முறை எளிது. வென்றால் கையில் இருக்கும் மொத்தத்தையும், தோற்றால் கையில் இருக்கும் மொத்தத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அது இப்போது இருப்பதைவிடக் கூடினால் இறங்கலாம். குறைந்தால் விலகுவது நல்லது.

ஐந்து இலட்சம் ரூபா உள்ள குடும்பம் வென்றால் 560,000, தோற்றால் 460,000. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 507,500. இருப்பதைவிடக் கூடுதல், இறங்கலாம். ஐம்பதாயிரம் மட்டுமே உள்ள குடும்பம் வென்றால் 110,000. தோற்றால் கையில் வெறும் 10,000. வர்க்கமூலம் ஏறத்தாழ 33,200. அதாவது இந்தத் திட்டத்தில் இறங்குவது, கையில் உள்ள ஐம்பதாயிரத்தில் ஏறத்தாழ 17,000 ரூபாவை நிச்சயமாகத் தொலைப்பதற்குச் சமம். இந்தத் திட்டத்துக்கான எல்லைக்கோடு 120,000 ரூபா. அதற்குக் கீழே இருப்பவர் விலகினால் அது பயமல்ல, சரியான கணக்கு.

இப்படியான எல்லைக்கோட்டை டானியலே கணித்திருக்கிறார். அம்ஸ்டர்டாமிலிருந்து பீற்றர்ஸ்பேர்க்குக்குக் கப்பலில் பொருள் கொண்டுவரும் வணிகர் ஒருவர். பொருளின் பெறுமதி 10,000 ரூபிள். நூறு கப்பலில் ஐந்து மூழ்கிவிடும். காப்புறுதிக் கட்டணம் 800 ரூபிள். சராசரி இழப்பு 500 ரூபிள்தான் என்பதால் கட்டணம் அதிகம். ஆனாலும் இந்தப் பொருளைத் தவிர 5,043 ரூபிளுக்குக் குறைவான சொத்து உள்ள வணிகர் அந்தக் கட்டணத்தைக் கட்டுவதே நல்லது என்று அவரது கணக்குச் சொல்கிறது.

நான்கு குடும்பம் சேர்ந்தால்

வணிகரின் பொருளை ஒரே கப்பலில் ஏற்றாமல் பல கப்பல்களில் பிரித்து ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் டானியல் அதே கட்டுரையில் பார்த்தார். அது பெறுமானத்தைக் கூட்டும் என்று காட்டினார். நமது திட்டத்திலும் அதைச் செய்யலாம்.

தலா 50,000 ரூபா உள்ள நான்கு குடும்பங்கள். நான்கும் தனித்தனியாக அதே தொழிலைச் செய்கின்றன. ஆனால் இலாபத்தையும் நட்டத்தையும் நான்காகப் பிரித்துக்கொள்ள உடன்படுகின்றன. இப்போது ஒரு குடும்பம் 40,000 ரூபாவையும் இழக்க நான்கு முயற்சிகளும் ஒன்றாகத் தோற்க வேண்டும். அதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்றிலிருந்து பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. ஒன்று மட்டும் வென்று மூன்று தோற்றால் ஒவ்வொருவருக்கும் இழப்பு 15,000 ரூபா. இரண்டு வென்றாலே தலா 10,000 இலாபம்.

டானியலின் முறையில் கணித்தால், தனியாக இறங்கும்போது 33,200 ஆக இருந்த தொகை, இரண்டு குடும்பம் சேர்ந்தால் ஏறத்தாழ 44,600 ஆகிறது. இன்னும் போதாது. நான்கு குடும்பம் சேர்ந்தால் ஏறத்தாழ 53,100. ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. திட்டம் மாறவில்லை, சராசரி இலாபம் மாறவில்லை, மக்களின் மனத்துணிவும் மாறவில்லை. இழப்பைத் தாங்கும் விதம் மட்டுமே மாறியிருக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நான்கு முயற்சிகளின் வெற்றியும் தோல்வியும் ஒன்றிலொன்று தங்கியிருக்கக் கூடாது. நால்வரும் ஒரே குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்தால், ஒரு வெள்ளமோ வரட்சியோ நால்வரையும் ஒன்றாக அடிக்கும். அப்போது பங்கிட எதுவும் மிஞ்சாது. கணக்குத் திரும்பவும் 33,200க்கே வந்துவிடும். ஒருவர் நெல், ஒருவர் மாடு, ஒருவர் தையல், ஒருவர் கடற்றொழில் என்று இருந்தால்தான் சேர்க்கை பலன் தரும்.

டானியலின் விதிக்கும் எல்லை இருக்கிறது. 1934இல் கார்ல் மெங்கர் அதைச் சுட்டிக்காட்டினார். பரிசு இரண்டு மடங்காக இல்லாமல் அதைவிட மிக வேகமாக வளரும்படி விளையாட்டை மாற்றினால், மடக்கையைப் பயன்படுத்தினாலும் முடிவிலி திரும்பி வந்துவிடும். அப்படியொரு பரிசை உலகில் எவராலும் தரமுடியாது என்பதால், அங்கே மீண்டும் சந்தை அம்மாவின் கேள்விதான் துணைக்கு வரவேண்டும். மேலும், மடக்கை மனிதர்களின் மனதை முழுமையாக அளக்கும் கருவியும் அல்ல. நோயாளி ஒருவர் உள்ள வீட்டில் கடைசிப் பத்தாயிரம் ரூபாவின் பெறுமதியை எந்தச் சூத்திரமும் சரியாகச் சொல்லாது.

ஆனால் எந்தப் பக்கமாகப் பிழை விடக்கூடாது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. ஒரு திட்டத்தின் சராசரி இலாபம் திட்டத்தை எழுதியவரின் கடதாசியில் இருக்கும். அவர் நூறு குடும்பங்களுக்குக் கொடுத்து, நூற்றின் கூட்டுத்தொகையைப் பார்ப்பார். தோற்ற ஐம்பது குடும்பங்களும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் மறைந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு இருப்பது ஒரேயொரு சுண்டல். அடுத்த தடவை அந்த அலுவலரின் கூட்டத்தில் யாராவது கையை உயர்த்தி, "தோத்தா எங்கட கையில எவ்வளவு மிஞ்சும்? அந்த நட்டத்தை எங்களோட ஆர் பங்கு போடுவினம்?" என்று கேட்டால், அந்த இரண்டு கேள்விகளுக்கான பதிலும் திட்ட அறிக்கையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.